‘வளவு’ புதிர் விளையாட்டு: சாதனைகளின் பெயர்களும் விளக்கங்களும்

‘வளவு’ விளையாட்டில் ஆடுபவரின் கண்ணில் படப்போகும் 17 சாதனைகளின் இறுதி வாசகங்கள் இந்தக் கோப்பில் உள்ளன. படம் வரைபவரும் நிரல் எழுதுபவரும் கவனிக்க வேண்டியவற்றை அந்தந்த இடத்திலேயே சேர்த்திருக்கிறேன். ஸ்டீமில் ஒரு விளையாட்டை வாங்குவதற்கு முன்பே அதன் சாதனைப் பட்டியலை எவரும் திறந்து படிக்க முடியும் என்பதால், விளையாட்டு நடக்கும் காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டுக்குள் இன்னும் காலெடுத்து வைக்காத ஒருவர் படிக்கிறார் என்ற நினைப்புடனேயே ஒவ்வொரு வரியையும் எழுதினேன். ஆடுபவரின் பழக்கத்தை வைத்தும், எல்லாருக்கும் தெரிந்த பொருளை வைத்தும் சிரிக்க வைக்கலாம். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை வைத்து மட்டும் சிரிக்க வைக்கக் கூடாது.

கதையோடு வருபவை

திண்ணையில் உட்கார வந்தவர்
முதல் பூட்டைத் திறந்து உள்ளே வந்துவிட்டீர்கள். இனிமேல் திண்ணையோடு திரும்பிப் போக மனம் வராது.

வழுக்காத கால்
முகப்பில் பதித்த ஆத்தங்குடிக் கற்களில் ஒன்றைக்கூடத் தவறாக மிதிக்காமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்தீர்கள்.

முந்திரியைத் தின்றது யார்?
பெட்டகசாலைப் பேரேட்டை 320-இல் ஒரு பங்கு கூட விடாமல் கூட்டிச் சரிபார்த்துவிட்டீர்கள்; இந்த வீட்டில் இனி யாரும் உங்களிடம் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

அடுக்களைக்கு வந்துவிட்டு வெறும் வயிற்றோடா?
அடுக்களைப் புதிரை முடித்துவிட்டீர்கள். உங்களுக்கும் பசி எடுத்திருந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள்.

அத்தியாயத்துக்கு ஒன்று என்று சாதனை வைத்தால், பட்டியலை எண்ணிப் பார்த்தே கதை எவ்வளவு நீளம் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆகவே முன்பாதியில் வரும் இந்த நான்கோடு நிறுத்திக்கொண்டேன். பட்டியலில் எந்த இடத்திலும் ‘கடைசி’, ‘முடிவு’, ‘பாதி’ ஆகிய சொற்கள் இல்லை. பின்னால் வாசகத்தைத் திருத்துபவரும் அவற்றைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பேரேட்டுச் சாதனைக்கு முந்திரிப் பருப்பின் படமே போதும். பழைய கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்பது 320-இல் ஒன்று என்று ஏற்கெனவே அறிந்தவருக்கு அது முன்கூட்டியே சிரிப்பைத் தரும். அறியாதவருக்கு, புதிரை முடித்த பிறகு தரும்.

பழைய ஆட்டங்கள்

இவற்றின் விதிகள் ஊரறிந்தவை என்பதால் வெளிப்படையாகவே எழுதலாம்.

புலி இன்று பட்டினி
15 ஆடுகளில் ஒன்றையும் பறிகொடுக்காமல் 3 புலிகளையும் நகர விடாமல் அடைத்துவிட்டீர்கள்.

பசுவும் பிடித்தேன், பாலும் கறந்தேன்
பல்லாங்குழியில் ஒரே சுற்றில் 3 பசுக்களை எடுத்தீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் இனி உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரும்புள்ளி
கோலத்தின் எல்லாப் புள்ளிகளையும் வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கோட்டை ஒரே இழையாகக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். ஊரில் இனி நீங்களும் ஒரு பெரும்புள்ளிதான்.

ஆடுபவரின் பழக்கங்கள்

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புதிர் விளையாட்டில் ஒருவர் தடுமாறும் நேரமே அதிகம். அந்த நேரத்தில் அவருடைய தவிப்பைக் கண்டுகொண்டு அன்போடு ஒரு வார்த்தை சொன்னால், அவர் ஆட்டத்தை மூடிவிட்டுப் போகாமல் இன்னொரு முறை முயல்வார். ஆகவே இவற்றில் எதுவும் குத்திக் காட்டுவதாக ஒலிக்கக் கூடாது.

கையில் வெண்ணெய், நெய்க்கு அலைச்சல்
வேண்டிய பொருள் பையிலேயே இருக்க, அதைத் தேடி 10 நிமிடம் வீட்டைச் சுற்றி வந்தீர்கள். நடந்தது உடம்புக்கு நல்லது.

கூடம் கோணல்
ஒரே புதிரை 10 முறை கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினீர்கள். கூடத்தை நாங்களும் அளந்து பார்த்தோம், நேராகத்தான் இருக்கிறது.

எலி வேட்டைக்குத் தவில்
இருப்பதிலேயே எளிய புதிருக்கு 3 குறிப்புகளையும் கேட்டு வாங்கினீர்கள். உதவி கேட்பதில் தப்பே இல்லை.

திண்டுக்கல் தோற்கவில்லை
மாங்காய்ப் பூட்டு ஒன்றைச் சாவி இல்லாமல் 20 முறை இழுத்துப் பார்த்தீர்கள். செய்தவர்கள் இதைக் கேட்டால் பெருமைப்படுவார்கள்.

அப்பத்தா வெற்றிலை மெல்லுகிறார்
அப்பத்தாவிடம் ஒரே கேள்வியை 10 முறை கேட்டீர்கள். 10 முறையும் அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தார்.

உண்ட மயக்கம்
அடுக்களையை விட்டு வெளியே வந்த பிறகு 15 நிமிடம் எதையும் தொடாமல் இருந்தீர்கள். தொண்டனுக்கே உண்டு என்றால் உங்களுக்கு இருக்கக் கூடாதா?

வெண்ணெய்ச் சாதனை எந்தப் பொருளைத் தேடும்போதும் கிடைக்கும்படி இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட பொருளோடு அதைக் கட்டிவிட்டால், சாதனை தோன்றிய கணமே விடை பைக்குள் இருப்பது தெரிந்துவிடும். ஆகவே, தேடிய பொருளை ஆடுபவர் சரியாகப் பயன்படுத்திய பிறகே அது வெளிவரட்டும். அப்பத்தாவின் விளக்கத்தில் அந்தக் கேள்வி எது என்று எழுதாததும் இதே காரணத்தால்தான். ‘கிணறு வெட்டப் பூதம்’ என்ற பெயர் குழுவில் பலருக்கும் பிடித்திருந்தது. ஆனால் பட்டியலில் பூதம் என்ற சொல்லைப் பார்த்தவர் ஒவ்வொரு அறையிலும் பூதத்தையே தேடுவார், நாம் காட்ட வந்ததை விட்டுவிடுவார். அதனால் அதைச் சேர்க்கவில்லை.

மறைத்து வைக்கப்படுபவை

சொன்னால் நம்பமாட்டார்கள்
நீங்கள் பார்த்ததை நாங்களும் பார்த்தோம். வேண்டுமானால் சாட்சிக்கு வருகிறோம்.

காபி ஆறிப்போயிற்று
இந்த இடத்தில் டம்ளரைக் கையில் எடுக்க வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வராது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்
உங்கள் அவசரம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அவரும் இதுவரை ஆடி வந்துவிட்டாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைத்த சாதனையின் விளக்கம் அதைப் பெறும் வரை ஆடுபவரின் பட்டியலில் தெரியாது. ஆயினும் பெற்றவர் திரையைப் படம் பிடித்து நண்பருக்கு அனுப்பக்கூடும். ஆகவே கதையின் திருப்பங்களுக்கு உரிய இம்மூன்றிலும் கதையில் வரும் ஆள், அறை, பொருள் எதுவும் இல்லை. ஆடுபவரின் மனநிலை மட்டுமே இருக்கிறது. மறைத்தவை எத்தனை என்ற எண்ணிக்கை பட்டியலில் தெரியும் என்பதால், திருப்பம் எதனோடும் சேராத ‘உண்ட மயக்கம்’ என்ற சாதனையையும் மறைக்க வேண்டும். அப்படிச் செய்தால், மறைத்தவை 4 என்று தெரிந்தாலும் திருப்பங்கள் எத்தனை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த நான்கிற்கும் பெறும் முன் காட்டும் படம் ஒரே மூடிய கதவாக இருக்கட்டும்; பெற்ற பின் காட்டும் படங்களிலும் முகம் எதையும் வரைய வேண்டாம்.

எல்லாவற்றையும் சேர்த்தவருக்கு உரியது இது.

சாவிக்கொத்து இடுப்பில்
மற்ற 16 சாதனைகளும் உங்களிடம் வந்து சேர்ந்தன. இந்த வீட்டில் உங்களைக் கேட்காமல் இனி ஒரு பெட்டகமும் திறக்காது.

விளையாட்டின் கோப்புகளைத் துருவிப் பார்ப்பவர்கள் உண்டு என்பதால், உள்பெயர்களும் எதையும் சொல்லிவிடக் கூடாது. அவை மேலே உள்ள வரிசைப்படி `ACH_01` முதல் `ACH_17` வரை வெறும் எண்களாகவே இருக்கட்டும். திருப்பங்கள் மூன்றுக்கும் உரியவை `ACH_14`, `ACH_15`, `ACH_16` ஆகும். அவற்றுக்குக் கீழ்க்காணும் வரிகளைக் காட்சி தொடங்கும்போது அழைக்காமல், காட்சி முடிந்து திரை இருண்டு, கட்டுப்பாடு மீண்டும் ஆடுபவரின் கைக்கு வந்த பிறகே அழைக்க வேண்டும்.

```
SteamUserStats()->SetAchievement("ACH_14");
SteamUserStats()->StoreStats();
```

காட்சியின் நடுவில் திரை மூலையில் ஒரு பெட்டி எழும்பினால், ஆடுபவரின் கண் அங்கே போய்விடும். அப்பத்தாவுக்குக் குரல் கொடுத்தவரின் உழைப்பு முழுவதும் அந்த இரண்டு நொடியில் வீணாகும்.