138 ரூபாய் வட்டி எப்படி வந்தது?

நாள்: 04-07-2025

பெறுநர்: செல்வி கவிதா அவர்கள்
பொருள்: 4417 என முடியும் உங்கள் சேமிப்புக் கணக்கின் ஏப்ரல்–ஜூன் காலாண்டு வட்டி பற்றி

அன்புள்ள செல்வி கவிதா அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 30 அன்று உங்கள் கணக்கில் 49,000 ரூபாய் இருந்தது, ஆண்டு வட்டி 3 சதவீதம், அப்படியானால் மூன்று மாதத்துக்கு 367 ரூபாய் 50 பைசா வர வேண்டுமே, 138 ரூபாய் மட்டும் ஏன் வந்தது என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட பெருக்கலில் தவறில்லை. ஆனால் அந்த 49,000 ரூபாய் காலாண்டு முழுவதும் கணக்கில் இருந்ததாக வைத்துக்கொண்டு பெருக்கியிருக்கிறீர்கள். உண்மையில் அது இருந்தது ஒரே ஒரு நாள்.

சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு நாளும் தனியாகக் கணக்கில் வரும். அன்றைய வரவு செலவெல்லாம் முடிந்து, நாள் முடிவில் எவ்வளவு இருப்பு நிற்கிறதோ அந்தத் தொகைக்கு அந்த ஒரு நாளின் வட்டி. இருப்பை வட்டி வீதத்தால் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். (நூற்றுக்கு 3 என்பதில் உள்ள 100-ம், ஆண்டின் 365 நாளும் சேர்ந்ததுதான் இந்த 36,500.) 10,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 82 பைசா. 49,000-க்கு 4 ரூபாய் 3 பைசா.

உங்கள் பாஸ்புக்கை வைத்தே பார்ப்போம். கணக்கு தொடங்கியது ஏப்ரல் 8.

ஏப்ரல் 8 முதல் 29 வரை: 10,000 × 22 நாள் = 2,20,000
ஏப்ரல் 30 முதல் மே 4 வரை (சம்பளம் 24,000 வரவு): 34,000 × 5 = 1,70,000
மே 5 முதல் 30 வரை (18,000 செலவு): 16,000 × 26 = 4,16,000
மே 31 முதல் ஜூன் 4 வரை (சம்பளம்): 40,000 × 5 = 2,00,000
ஜூன் 5 முதல் 29 வரை (15,000 செலவு): 25,000 × 25 = 6,25,000
ஜூன் 30 (சம்பளம்): 49,000 × 1 = 49,000

மொத்தம் 84 நாள், பெருக்குத்தொகை 16,80,000. இதை 3-ஆல் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் 138 ரூபாய் 8 பைசா. ரூபாய்க்கு முழுமையாக்கியதில் 138. இன்னொரு விதமாகச் சொன்னால், 16,80,000-ஐ 84-ஆல் வகுத்தால் 20,000 வருகிறது. அந்த 84 நாளும் சராசரியாக 20,000 ரூபாய்தான் உங்கள் கணக்கில் இருந்திருக்கிறது. பாஸ்புக்கின் கடைசி வரியில் தெரியும் 49,000-ஐப் பார்த்தால் இது புலப்படாது.

நீங்களே சரிபார்க்கும்போது மூன்று இடங்களில் கணக்கு தடம் மாறும். முதலாவது, ஒரே தேதியில் நாலைந்து வரிகள் இருந்தால் கடைசி வரியின் இருப்பை மட்டும் எடுங்கள். இடையில் உள்ளவை வட்டிக்குச் செல்லாது. இரண்டாவது, ஒரு இருப்பின் நாட்களை எண்ணும்போது அது தொடங்கிய நாளைச் சேர்த்து, அடுத்த மாற்றம் நடந்த நாளுக்கு முந்தைய நாளோடு நிறுத்துங்கள். இரு முனையையும் சேர்த்துவிட்டு ஒரு நாள் கூடுதலாக வருவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. நாட்களின் கூட்டல் 84 வருகிறதா என்று பார்த்தாலே இது பிடிபடும். மூன்றாவது, ஒவ்வொரு நாள் வட்டியையும் பைசாவுக்கு முழுமையாக்கிக்கொண்டே போகாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் கணக்கு 138 ரூபாய் 4 பைசாவில் நிற்கும். கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்குங்கள்.

நாள் முடிவு இருப்பு என்பதால் சில விளைவுகள் உண்டு. காலையில் 20,000 போட்டு மாலையில் எடுத்துவிட்டால் அதற்கு வட்டி கிடையாது. காலையில் எடுத்து மாலைக்குள் திரும்பப் போட்டால் இழப்பும் கிடையாது. ஞாயிறும் விடுமுறையும் எண்ணிக்கையில் உண்டு: வெள்ளி இரவு நின்ற இருப்பு அசையாமல் இருந்தால் சனி, ஞாயிறுக்கும் அதே தொகைக்கு வட்டி. காசோலை போட்டால், பெட்டியில் போட்ட நாள் கணக்கில்லை. பணம் உங்கள் கணக்கில் வரவான நாளிலிருந்துதான். நள்ளிரவை ஒட்டிச் செய்யும் இணையப் பரிமாற்றம் மறுநாள் தேதியில் பதிவாகலாம். பாஸ்புக்கில் எந்தத் தேதி இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி கிடைக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 10-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்கு மட்டும் வட்டி தந்த பழைய முறை அது. அந்த முறையில் உங்களுக்கு ஏப்ரலுக்கு 10,000, மேக்கு 16,000, ஜூனுக்கு 25,000 என 51,000-க்கு ஒரு மாத வட்டி, அதாவது 127 ரூபாய் 50 பைசாதான் வந்திருக்கும். மாதக் கடைசியில் வந்த சம்பளம் மூன்று முறையும் வட்டிக் கணக்கீட்டிலேயே வந்திருக்காது. இப்போது தேதி பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த 138 ரூபாய், ஜூன் 30 நாள் முடிவுக் கணக்கை எடுத்த பிறகே சேர்க்கப்பட்டது. ஆகவே ஜூலை 1 முதல் 49,138-க்கு வட்டி ஓடுகிறது. காலாண்டுக்கு நடுவில் சேரும் வட்டிக்கு வட்டி கிடையாது. ஆண்டு முழுவதும் 50,000 ரூபாயைத் தொடாமல் வைத்தால், காலாண்டுதோறும் வட்டி சேர்வதால் 1,500-க்குப் பதிலாக ஏறத்தாழ 1,517 ரூபாய் கிடைக்கும்.

இருப்பு 1,00,000-ஐத் தாண்டும் நாட்களில், தாண்டிய பகுதிக்கு மட்டும் நம் வங்கியில் 3.5 சதவீதம். 1,20,000 இருந்தால் முதல் லட்சத்துக்கு 8 ரூபாய் 22 பைசா, மீதி 20,000-க்கு 1 ரூபாய் 92 பைசா, ஆக நாளுக்கு 10 ரூபாய் 14 பைசா. முழுத் தொகைக்கும் 3.5 என்று போட்டு 11 ரூபாய் 51 பைசா எதிர்பார்ப்பவர்கள் உண்டு. வீதம் நடுவில் மாறினால், மாறிய நாளுக்கு முந்தைய நாட்களுக்குப் பழைய வீதம், அதன் பிறகு புதியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, கட்ட வேண்டிய பணத்தை நாலு நாள் தள்ளிப்போட்டு வட்டி சேர்க்கலாம் என்று தோன்றலாம். 18,000 ரூபாயை நான்கு நாள் கூடுதலாக வைத்தால் கிடைப்பது 5 ரூபாய் 92 பைசா. ஒரு தாமதக் கட்டணம் வந்தால் மூன்று மாத வட்டியும் அதில் போய்விடும். ஆறு மாதத்துக்குத் தேவைப்படாது என்று உறுதியாகத் தெரியும் தொகை இருந்தால் மட்டும் வைப்பு நிதியாக மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

அடுத்த வட்டி செப்டம்பர் 30 அன்று வரவாகும். இந்த முறை 92 நாள். நீங்கள் போடும் கணக்குக்கும் பாஸ்புக்குக்கும் ஒரு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தால், உங்கள் தாளையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். எந்த நாளில் பிரிகிறது என்று வரிவரியாகப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
கிளை மேலாளர்