நம்பர் பிளேட்டில் நாடு பிடிப்போம்: பின்சீட் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு

கோடை லீவு வந்தால் கேல்னிலிருந்து சுவிஸுக்கு மாமி வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். A3-இல் ஏறி பிராங்பேர்ட், அப்புறம் A5-இல் கார்ல்ஸ்ரூ, பிறைபேர்க், பாசல். நெரிசல் இல்லாவிட்டாலே ஐந்தாறு மணித்தியாலம் பின்சீட்டில் இருக்கவேண்டும். மூன்று வருடமாக எங்கள் காரில் அந்த நேரம் போனில் போவதில்லை, நம்பர் பிளேட்டில் போகிறது. மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. இருவருக்கும் இப்போது ஐரோப்பாப் படத்தில் லித்துவேனியா எங்கே என்று தேடாமலே விரல் வைக்கத் தெரியும். உங்கள் வீட்டிலும் தொடங்குவதற்காக இதை எழுதுகிறேன்.

விளையாட்டு இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்து வண்டிகளின் பிளேட்டில் இடது ஓரம் நீலப் பட்டை இருக்கும், அதில் பன்னிரண்டு நட்சத்திர வட்டம், அதன் கீழே நாட்டின் எழுத்து. D என்றால் ஜேர்மனி, PL போலந்து, NL நெதர்லாந்து. எழுத்தைக் கண்டவர் நாட்டின் பெயரைச் சொல்லவேண்டும், அம்மாவோ அப்பாவோ குறித்துக்கொள்ளவேண்டும். ஆனால் அதோடு விட்டுவிட்டால் பிள்ளைக்கு முப்பது எழுத்து பாடமாகும், ஒரு நாடும் தெரியாது. எழுத்தைக் கண்டதற்கு நாங்கள் புள்ளி கொடுப்பதில்லை. காரை நிறுத்தும் இடத்தில் படத்தை விரித்து, அந்த வண்டி எங்கள் இடத்துக்கு வர எத்தனை எல்லை தாண்டியிருக்கும் என்று விரலால் வழி போட்டுக் காட்டினால், தாண்டிய எல்லை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

பிரான்ஸ் வண்டிக்கு ஒன்று. LT லொறிக்கு இரண்டு, லித்துவேனியாவிலிருந்து போலந்து, போலந்திலிருந்து ஜேர்மனி. போர்த்துக்கல் வண்டி ஸ்பெயின், பிரான்ஸ் வழியாக வருவதால் மூன்று. EST கிடைத்தால் அது அதிர்ஷ்டம்: எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, போலந்து என்று இறங்கி வரவேண்டும், நான்கு. துருக்கி TR-க்கு ஐந்து. போன வருடம் சின்னவன் பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, ஒஸ்திரியா என்று விரலை இழுத்துக்கொண்டு வர, "இல்லையடா தம்பி, சேர்பியாவாலயும் வரலாம்" என்று அக்கா மறித்தாள். இரண்டு வழியையும் எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் ஐந்துதான். அந்தப் பத்து நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. நீங்களும் திறக்காதீர்கள், அவர்களே சண்டை போட்டு முடிக்கட்டும்.

படத்தை ஓடுகிற காரில் கொடுக்கவே கூடாது. முதல் வருடம் நான் கொடுத்தேன், வூர்ஸ்பேர்க் பக்கம் போன ஒரு பயணத்தில், குனிந்து படம் பார்த்துக்கொண்டு வந்த மூத்தவள் அரை மணித்தியாலத்தில் சத்தி எடுத்துவிட்டாள். வெளியே தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு குழம்புவது குறைவு, அதனால் ஓடும்போது கண் வெளியே, நிற்கும்போது விரல் படத்தில். பதிவு எழுதுவது முன்சீட்டில் இருப்பவரின் வேலை. ஓட்டுகிறவர் விளையாட்டில் இல்லை. அவரை "அப்பா அங்க பாருங்கோ" என்று கூப்பிட்டால் ஒரு புள்ளி குறையும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள், இதில் மட்டும் இரக்கம் காட்டவேண்டாம்.

எழுத்து வாசிக்க வராத பிள்ளைக்கு நிறம் போதும். முன்னும் பின்னும் மஞ்சள் என்றால் பெரும்பாலும் நெதர்லாந்து, லக்ஸம்பேர்க்கும் மஞ்சள்தான். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்றால் பிரித்தானியா. வெள்ளையில் சிவப்பு எழுத்து பெல்ஜியம். கறுப்பில் வெள்ளை எழுத்து தெரிந்தால் காரே அதிரும்படி கத்துவார்கள், அது குட்டி நாடு லீக்டன்ஸ்டைன். சின்னவன் ஐந்து வயதில் இந்த நிறங்களை வைத்தே அக்காவை முந்தினான்.

பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. ஜேர்மன் பிளேட்டில் பட்டைக்கு அடுத்து வரும் எழுத்து ஊருடையது: K கேல்ன், M மியூனிக், HH ஹம்பேர்க். F என்று கண்டதும் பிரான்ஸ் என்று கத்துவார்கள், பார்த்தால் பிராங்பேர்ட். நீலப் பட்டைக்குள் இருப்பது மட்டும்தான் நாடு. சுவிஸ் பிளேட்டில் அந்தப் பட்டையே இல்லை. பின்பக்கம் இடதில் சுவிஸ் சின்னம், வலதில் கன்ரோன் என்கிற மாநிலத்தின் சின்னம், நடுவில் ZH, AG என்று கன்ரோன் எழுத்து. BE-ஐக் கண்டு பெல்ஜியம் என்பவர்கள் பெரியவர்களிலும் உண்டு, அது பேர்ன், பெல்ஜியத்துக்கு B மட்டும்தான். SK ஸ்லோவாக்கியா, SLO ஸ்லோவேனியா. இரண்டையும் படத்தில் அடுத்தடுத்துத் தொடவைத்தால் ஒழிய இந்தக் குழப்பம் போகாது. பிரித்தானியாவுக்கு 2021 செப்டெம்பரிலிருந்து UK, பழைய வண்டிகளில் இன்னும் GB காணலாம், எங்கள் விளையாட்டில் இரண்டும் செல்லும்.

ஏன் இந்த எழுத்து என்று கேட்பார்கள், அங்கேதான் எனக்கு இந்த விளையாட்டில் ஆசை கூடியது. ஸ்பெயின்காரர் தங்கள் நாட்டை எஸ்பான்யா என்பதால் E. குரோவேசியாவுக்கு அவர்கள் மொழியில் ஹர்வாட்ஸ்கா, அதனால் HR. சுவிஸில் ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என்று நான்கு மொழி, எதற்கும் பக்கம் சாயாமல் லத்தீனில் கொன்ஃபெடராசியோ ஹெல்வெட்டிகா என்று எடுத்து CH ஆக்கினார்கள். கதை தெரிந்த எழுத்து மறக்காது.

எந்தக் கிழமை புறப்படுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஜேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வரை ஏழரைத் தொன்னுக்கு மேற்பட்ட லொறி ஓட முடியாது, சில விதிவிலக்குகள் தவிர. தூர நாட்டுப் பிளேட் அதிகம் லொறியில்தான் வரும், ஆகவே வார நாள் நல்லது. ஞாயிறுதான் போகமுடியும் என்றால் இளைப்பாறும் இடங்களில் லொறிகள் வரிசையாக நிற்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி நடைபாதையில் நின்று பார்க்கலாம், லொறிகளுக்கு இடையில் போகவிடாதீர்கள். அங்கே நின்று பார்த்தால் லொறியின் தலையில் ஒரு நாடு, இழுக்கும் டிரெய்லரில் வேறு நாடு என்றும் இருக்கும். எங்கள் சட்டம், கண்ணால் கண்ட பிளேட் எதுவோ அதற்குப் புள்ளி, இரண்டையும் கண்டால் இரண்டுக்கும்.

பரிசு பெரிதாக வேண்டாம். வென்றவர் அடுத்த பயணத்தில் எந்தப் பக்கச் சீட் என்று தெரிவு செய்வார், எங்களுக்கு அது போதும்.

படம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிறைபேர்க் தாண்டி நிறுத்தியபோது சின்னவன் கேட்டான், "அம்மா, அம்மம்மாவின்ர நாட்டுக்கு என்ன எழுத்து?" இலங்கைக்கு CL, சிலோன் என்ற பழைய பெயர் அந்த எழுத்தில் இன்னும் இருக்கிறது. எத்தனை எல்லை என்று எண்ண விரலைத் தூக்கினான், எங்களிடம் இருந்தது ஐரோப்பாப் படம், துருக்கியோடு தாள் முடிந்துவிட்டது. பின்பக்கத்தில் உலகப் படம் அச்சடித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.