அறிவிப்பை முதலில் படியுங்கள்
எல்லாருக்கும் வணக்கம். கையில் இருக்கும் டேட்டா அனலிஸ்ட் வேலை அறிவிப்பில் முதலில் பொறுப்புகளைப் படியுங்கள், நிறுவனத்தின் பெருமையெல்லாம் அப்புறம். 'கட்டாயம்' என்ற இடத்தில் எஸ்க்யூஎல், எக்செல்; 'இருந்தால் நல்லது' என்ற இடத்தில் பவர் பிஐ. அந்த இரண்டாவது பட்டியலைப் பார்த்துப் பயந்து பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சரி, ரெஸ்யூமே. 'எஸ்க்யூஎல் தெரியும்' என்ற வரி எதையும் காட்டாது. அறிவிப்பு 'வாராந்திர விற்பனை அறிக்கை தயாரித்தல்' என்று கேட்கிறது, உங்கள் கடைசி வருட புராஜெக்டில் செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான், அதனால் 'நூலகத்தின் 12,000 பதிவுகளை எஸ்க்யூஎல்லில் தொகுத்து மாதாந்திர அறிக்கை தயாரித்தேன்' என்று எழுதி மேலே கொண்டு வாருங்கள். செய்யாததை எழுதாதீர்கள், நேர்முகத்தில் முதல் கேள்வியே அதில்தான் வரும். இப்போது பேனாவை எடுத்து, அறிவிப்பில் நீங்கள் ஏற்கெனவே செய்த வேலைகளுக்கு அடிக்கோடு போடுங்கள்.