நான்கு விரல்கள்

தாரணியின் ஸ்கிராப் நோட்டில் முதல் பக்கம் மட்டும் காலியாக இருந்தது. மேலே 'நான்' என்று எழுதி, ஓரமெல்லாம் ஜிகினா ஒட்டியாகிவிட்டது. ஒட்டத்தான் படம் இல்லை. பாஸ்போர்ட் அளவுப் படங்கள் வங்கிக் கணக்குக்கே தீர்ந்துபோயின. மிச்சம் ஐந்தாம் வகுப்புக் குரூப் போட்டோதான்.

"அம்மா, உன் டிரிம்மர் கத்தரியைக் கொடு."

அம்மாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. "நூல் மிச்சம் இருந்தால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம் கண்ணு. துணியில் பட்டுவிட்டால் அந்தப் பீஸ் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள்.

பெஞ்சுமேல் நின்ற வரிசையில் கடைசி ஆள் தாரணி. வலப்பக்கம் வெறும் சுவர், சுலபமாக வந்தது. ரிப்பன் மடிப்புகளைக்கூடப் பழுதில்லாமல் சுற்றி வந்தாள். இடது தோளில் டிரிம்மர் நின்றது. அங்கே ரேவதியின் விரல்கள் நான்கு இருந்தன. கையைக் கீழே போடச் சொல்லி போட்டோக்காரர் அதட்டியும், அவர் குனிந்த நேரம் பார்த்துப் போட்ட கை.

விரல்களை விட்டு வெட்டினால் தோள் போய்விடும். தோளோடு வெட்டினால் ரேவதிக்கு விரல் இருக்காது.

"அமுச்சி, எதை வெட்டட்டும்?"

அமுச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "விரலை விட்டுவிட்டால் எலி கடித்தாற்போல இருப்பாய் சாமி. அந்தப் பிள்ளையிடம் வேறு படம் இருக்குமல்லவா?"

இல்லை. பள்ளியில் போட்டோவுக்குப் பணம் கேட்டது புதன்கிழமை. ரேவதியின் அப்பாவுக்குச் சம்பளம் சனிக்கிழமை. வாரக்கூலி வீடுகளில் புதன்கிழமை என்ன இருக்கும் என்பது பணம் கேட்டவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

தாரணி விரல்களைத் தோளோடு சேர்த்தே வெட்டினாள். ஒட்டிய பிறகு 'நான்' என்ற தலைப்பு பொய்யாகத் தெரிந்தது. பக்கத்தில் 'ரேவதியும் கொஞ்சம்' என்று எழுதினாள். ஓட்டை விழுந்த மீதிப் படத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து லைன் வீட்டுக்கு ஓடினாள்.

ரேவதி தன் கையைத் தேடினாள்.

"என் விரல் எங்கே?"

"என் நோட்டில்."

"கேட்காமல் எடுத்தாயா?"

"நீ கேட்டுவிட்டா என் தோளில் வைத்தாய்?"

ரேவதிக்குப் பதில் கிடைக்கவில்லை. டிரிம்மரைப் பிடுங்கித் தன்னையும் வெட்டினாள். யாரையும் பற்றி அவளுக்குக் கவலையில்லை. பின்வரிசைப் பையன் ஒருவனின் காது அவளோடு வந்துவிட்டது. நோட்டில் ஒட்டி, விரல் இல்லாத கையில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு குச்சி ஐஸ் வரைந்தாள். விரல் இல்லாமல் ஐஸ் எப்படி நிற்கும் என்று தாரணி கேட்டதற்கு, கீழே ஐந்து விரல் வரைந்து, போதாதென்று ஆறாவதும் வரைந்தாள்.

திங்கட்கிழமை டீச்சர் இரண்டு நோட்டிலும் சிவப்பு மையில் சரி போட்டார். காதுக்கு உரிய பையன் மட்டும் மதியம் வரை சண்டைக்கு நின்றான்.