தலைகீழாக்கிப் பெருக்கு – ஏன்?
(பின்னங்கள் பாடத்தொடர், அறிமுக வீடியோ ஸ்கிரிப்ட், சுமார் 4 நிமிடம்)

0:00
[மேலிருந்து கேமரா. மேசையில் 3 நீளக் காகிதப் பட்டைகள். கைகள் மட்டும் தெரிகின்றன. இசை, டைட்டில் எதுவும் இல்லை.]

வணக்கம். முதலில் ஒரு கணக்கு. 3-ஐ அரையால் வகுத்தால் எவ்வளவு? விடையைத் தாளில் எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.

[5 விநாடி மௌனம். எடிட்டிங்கில் வெட்ட வேண்டாம்.]

ஒன்றரை என்று எழுதியிருக்கிறீர்களா? என் வகுப்பில் அடிக்கடி வரும் விடை அது. அதை அடிக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும். அதற்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது: 'அரையால் வகு' என்றதும் 'பாதியாக்கு' என்று காதில் விழுகிறது. பாதியாக்குவது 2-ஆல் வகுப்பது. நான் கேட்டது வேறு.

6-ஐ 2-ஆல் வகு என்றால் என்ன கேட்கிறோம்? 6-க்குள் எத்தனை 2 இருக்கிறது என்று கேட்கிறோம். சரி, அதே கேள்வியை இங்கேயும் கேட்போம். இந்த 3 பட்டைக்குள் எத்தனை அரைப் பட்டை இருக்கிறது?

[ஒவ்வொரு பட்டையையும் நடுவில் வெட்டுகிறார். துண்டுகளை வரிசையாக வைத்து, விரலால் தொட்டு எண்ணுகிறார்.]

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. விடை 6. வகுத்தோம், ஆனால் எண் பெரிதாகிவிட்டது. அளக்கும் துண்டு சிறியது, அதனால் நிறையத் துண்டுகள் கிடைக்கின்றன.

1:20
[கேமரா முகத்துக்கு. கரும்பலகை பின்னால்.]

நான் கணக்கு ஆசிரியர். 11 ஆண்டுகளாக 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை எடுக்கிறேன். பின்ன வகுத்தலுக்கு 'இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்ற விதி எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். நானும் படிக்கும்போது கேட்டதில்லை. இப்போது கேட்போம்.

1:45
[மீண்டும் மேலிருந்து. 1 புதிய பட்டை, மூன்றாக மடித்தது.]

1-ஐ மூன்றில் இரண்டால் வகுக்க வேண்டும். இந்த ஒரு பட்டைக்குள் எத்தனை 2/3 இருக்கிறது? 2 துண்டு சேர்ந்தால் ஓர் அளவு.

[2 துண்டுகளுக்கு நீல நிறம் தீட்டுகிறார்.]

இதோ, ஓர் அளவு வந்துவிட்டது. மீதி ஒரு துண்டு. அப்படியானால் விடை என்ன? ஒன்றும் மூன்றில் ஒன்றும் என்று சொல்லத் தோன்றும்.

[3 விநாடி மௌனம்.]

இந்த மீதித் துண்டை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? முழுப் பட்டையோடு ஒப்பிட்டால் அது மூன்றில் ஒன்று. ஆனால் நாம் இப்போது பட்டையால் எண்ணவில்லை, 2 நீலத் துண்டும் சேர்ந்த அளவால் எண்ணுகிறோம்.

[மீதித் துண்டை வெட்டி நீலத்தின் மேல் வைக்கிறார். பாதியைச் சரியாக மறைக்கிறது.]

நீலத்தில் பாதி! அதனால் விடை ஒன்றரை, அதாவது 3/2. 2/3-இன் தலைகீழி நம் கண்முன்னே வந்துவிட்டது. ஒரு பட்டைக்குள் எத்தனை 2/3 இருக்கிறது என்பதைத்தான் அந்த 3/2 சொல்கிறது. ஒரு பட்டையில் ஒன்றரை என்றால் 4 பட்டையில்? நான்கு ஒன்றரை, 6. பெருக்கல் வந்தது இப்படித்தான்.

[திரையில்: 4 ÷ 2/3 = 4 × 3/2 = 6]

நம்ப முடியாவிட்டால் எண்ணிப் பாருங்கள். 4 பட்டையில் 12 துண்டு. இரண்டிரண்டாக எடுத்தால் 6 முறை.

3:10
[முகம்.]

இந்தத் தொடரில் 8 பாடங்கள், ஒவ்வொன்றும் 15 நிமிடம். கத்தரிக்கோல், காகிதம், பென்சில் போதும். ஒவ்வொரு பாடத்திலும் முதலில் கேள்வி வரும், அப்புறம் காகிதம், கடைசியில்தான் விதி. நீங்கள் அனுப்பும் தவறான விடைகளைப் பெயர் சொல்லாமல் எடுத்து, அடுத்த பாடத்தில் அதிலிருந்தே தொடங்குவேன். ஒரு தவறு எப்படி உருவானது என்று பார்க்கும்போதுதான் எனக்கே பாடம் புதிதாகப் புரிகிறது. வேகமாகப் போட்டு முடிக்கும் பயிற்சி இதில் குறைவு. தேர்வுக்கு முதல் நாள் பார்க்கும் தொடர் இது இல்லை.

இதை ஓர் ஆசிரியராகவோ பள்ளி சார்பிலோ பார்க்கிறீர்கள் என்றால், சற்று முன் அந்த ஒரு துண்டுக்காக நான் நின்ற இடத்தைக் கவனியுங்கள். என் வகுப்பின் வேகம் அதுதான்.

3:50
[மேலிருந்து. புதிய பட்டை, நான்காக மடித்தது. 3 துண்டுகள் நீலம், ஒன்று வெள்ளை.]

1-ஐ நான்கில் மூன்றால் வகுங்கள். இந்த வெள்ளைத் துண்டு, நீலத்தில் எவ்வளவு? மடித்துப் பார்த்து எழுதி வையுங்கள். முதல் பாடத்தை உங்கள் விடையிலிருந்து தொடங்குகிறேன்.

[கை விலகுகிறது. பட்டை மட்டும் 4 விநாடி திரையில்.]