நிலானியின் பிறந்தநாள் விழா: ஏற்பாட்டுக் குறிப்பு

நிலானிக்கு ஆறு வயது நிறைவது 2026 ஜனவரி 22, வியாழக்கிழமை. அன்று காலை மீனாட்சி அம்மன் கோயிலில் அர்ச்சனையும் வகுப்பில் மிட்டாய் கொடுப்பதும் மட்டுமே. விழாவை ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை மாலை 4:30 மணி முதல் 7:00 மணி வரை அண்ணாநகரில் உள்ள நம் அடுக்ககத்தின் பொது ஹாலில் வைத்துக்கொள்கிறோம். மறுநாள் குடியரசு நாள் விடுமுறை என்பதால் பிள்ளைகள் சற்றுத் தாமதமாக உறங்கினாலும் வீடுகளில் சங்கடம் இருக்காது. உதவிக்கு வரும் எல்லோருக்கும் முழுத் திட்டமும் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அவரவர் தம் பகுதியோடு நேர வரிசையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அழைப்பிதழ்

வகுப்புத் தோழர்கள் 12 பேர், அடுக்ககப் பிள்ளைகள் 6 பேர், உறவுப் பிள்ளைகள் 4 பேர் என 22 குழந்தைகளையும், அவர்களோடு வருவோரும் நம் வீட்டாருமாக 18 பெரியவர்களையும் எதிர்பார்க்கிறோம். அழைப்பிதழ் ஜனவரி 10, சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் போகும். இடையில் பொங்கல் வருவதால் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள், செய்தியும் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்; ஆகவே ஜனவரி 18க்குள் பதில் தராதவர்களை அன்று மாலையே பிரியா தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிட வேண்டும். அனுப்பவிருக்கும் வாசகம் இது:

"அன்புடையீர், வணக்கம். எங்கள் மகள் நிலானியின் ஆறாவது பிறந்தநாளை அவளுடைய தோழர் தோழியருடன் கொண்டாட விரும்புகிறோம். ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை மாலை 4:30 மணிக்கு எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளப் பொது ஹாலுக்குத் தங்கள் குழந்தையை அழைத்துவருமாறு கேட்டுக்கொள்கிறோம். விளையாட்டு சரியாக 5:00 மணிக்குத் தொடங்கும், கேக் 5:40க்கு, மாலைச் சிற்றுண்டி 6:00 மணிக்கு, 7:00 மணிக்கு விழா நிறைவுறும். ஓடி விளையாட வசதியான உடையே போதும். தங்கள் குழந்தைக்கு ஒவ்வாத உணவு ஏதேனும் இருந்தால் தவறாமல் தெரிவியுங்கள். குழந்தையை விட்டுச்செல்வதானால், திரும்ப அழைத்துப்போக வருபவர் யார் என்பதையும் குறிப்பிடுங்கள். வருகையை ஜனவரி 18க்குள் இதே எண்ணில் உறுதிசெய்ய வேண்டுகிறோம். தங்கள் வருகையே பரிசு. அன்புடன், கவிதா, சரவணன்."

கேக் நேரத்தை அழைப்பிதழிலேயே போட்டிருப்பது வேண்டுமென்றேதான். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்துசேரும்வரை பிள்ளைகளைப் பசியோடு கேக்கைப் பார்க்கவைத்துக் காத்திருப்பது நம் குடும்ப வழக்கமாகவே ஆகிவிட்டது. இம்முறை யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை; இதை மூத்த அண்ணனுக்கு அவர் கிளம்பும் முன்பே ஒருமுறை நினைவூட்டிவிடுவது நல்லது.

உணவு

40 பேருக்கு அளவு போட்டிருக்கிறேன். நிலானியின் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்று அவனுடைய அம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பதால் சட்னி, பொடி, கேக் மேல்தூவல், பரிசுப் பை எதிலும் வேர்க்கடலை இருக்கக் கூடாது. பொரிப்பதற்கும் கடலை எண்ணெய் வேண்டாம், சூரியகாந்தி எண்ணெயே எடுக்க வேண்டும். ‘அவனுக்கு மட்டும் தனியாக’ என்று வைத்தால் கரண்டி மாறிப்போக ஒரு நொடி போதும்.

குழந்தைகளுக்கு நெய்ப்பொடி தடவிய மினி இட்லி ஆளுக்கு 10 வீதம் 220 ஆகிறது, 240 வார்த்துவிடலாம். பெரியவர்களுக்குச் சாதாரண இட்லி மும்மூன்று வீதம் 54, அதை 60 ஆக்கிக்கொள்ளலாம். இதற்கு 2 கிலோ இட்லி அரிசியும் அரை கிலோ உளுந்தும் போதும்; மிஞ்சும் மாவு திங்கள் காலைத் தோசைக்கு ஆகும். இட்லியைவிட அதை வார்க்கும் நேரம்தான் கவலை தருகிறது. நம் மினி இட்லித் தட்டு ஒன்றில் 18 குழிகள், பானைக்கு நான்கு தட்டுகள், ஆக ஒரு ஈட்டுக்கு 72. நான்கு ஈடு வேண்டும்; தட்டுத் துடைத்து மறுபடி ஊற்றுவதையும் சேர்த்தால் ஈட்டுக்குக் கால் மணி நேரம். பெரிய இட்லிக்கு லட்சுமி அக்காவின் பானை தனியாக வேறு அடுப்பில் ஓட வேண்டும். அப்படியானால் 3:30க்குத் தொடங்கி 4:45க்குள் எல்லாவற்றையும் ஹாட்பேக்கில் அடைத்துவிடலாம்.

தொட்டுக்கொள்ள அரை கிலோ துவரம்பருப்பில் சின்ன வெங்காயம் அரை கிலோ போட்ட டிபன் சாம்பார் நான்கரை லிட்டர். மூன்று பெரிய தேங்காயும் 150 கிராம் பொட்டுக்கடலையும் சேர்த்த சட்னி. உருளைக்கிழங்கு போண்டா குழந்தைகளுக்கு ஒன்றும் பெரியவர்களுக்கு இரண்டுமாக 58. சின்னதாக உருட்டி 65 போட இரண்டு கிலோ கிழங்கும் 600 கிராம் கடலை மாவும் எடுத்துவையுங்கள். போண்டாவை மட்டும் 5:40க்கு முன் பொரிக்க வேண்டாம். ஆறிய போண்டாவை எந்தக் குழந்தையும் தொடாது.

கேக் இருக்கும்போது கேசரி எதற்கு என்று கேட்டேன். கேசரி இல்லாமல் பிறந்தநாளா என்று அப்பத்தா கேட்டார்கள். ஆகவே கேசரி உண்டு, ஆனால் ஆளுக்கு ஒரு சிறு கரண்டி, சுமார் 70 கிராம். அரை கிலோ ரவை, முக்கால் கிலோ சர்க்கரை, கால் கிலோ நெய், தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக. கேக் முட்டை சேர்க்காதது, இரண்டரைக் கிலோ: குழந்தைக்கு 80 கிராம், பெரியவருக்கு 40 கிராம் என்று வெட்டினால் சரியாக வரும்.

குடிக்க எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத் 8 லிட்டர், ஐஸ் இல்லாமல். ஜிகர்தண்டா வேண்டும் என்று கார்த்திக் சொன்னதை மதுரைக்காரி என்ற முறையில் நானும் ஆசையோடுதான் கேட்டுக்கொண்டேன். 22 பிள்ளைகள் கையில் உருகும் ஐஸ்கிரீமோடு ஓடும் காட்சியை நினைத்தவுடன் கைவிட்டேன். தண்ணீர் கேன் இரண்டு. பழத்தட்டில் திராட்சை வைத்தால் முழுதாக வைக்காமல் நீளவாக்கில் நறுக்கியே வையுங்கள்; விருந்தினரோடு வரும் இரண்டு தம்பி தங்கைகள் மூன்று வயதுக்கும் குறைந்தவர்கள், முழுத் திராட்சை அவர்கள் தொண்டையில் சிக்கும். காவலாளி அண்ணனுக்கும் துப்புரவு செய்யும் அம்மாவுக்கும் உரிய தட்டுகளைப் பரிமாறத் தொடங்கும் முன்பே தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

விளையாட்டு

ஓட்டமுள்ள விளையாட்டுகள் சாப்பாட்டுக்கு முன்னும், ஓட்டமில்லாதது பின்னும் வருமாறு அமைத்திருக்கிறேன். 4:30 முதல் 5:00 வரை வந்துசேர்கிற பிள்ளைகள் கூச்சம் நீங்குவதற்காக ஓரமேசையில் காகித மகுடம் செய்து வண்ணம் தீட்டுவார்கள். இதில் தாமதமாக வருபவருக்கும் இழப்பில்லை. 5:00 மணிக்குக் ‘கொலை கொலையாம் முந்திரிக்கா’. வட்டமாக உட்கார்ந்து ஆடுவதால் 22 பேரும் ஒரே நேரத்தில் விளையாடலாம், துணி ஒன்றைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. 5:20க்கு எலுமிச்சைக் கரண்டி ஓட்டம், ஐந்தாறு பேர் கொண்ட நான்கு சுற்றுகளாக. கரண்டியை வாயில் கவ்வ வேண்டாம், கையிலேயே பிடிக்கட்டும். ஆறு வயதில் ஆடும் பற்களே போதிய தொல்லை.

சாப்பாட்டுக்குப் பின் 6:30க்குக் கண்ணைக் கட்டி யானைக்கு வால் ஒட்டுதல். ஒரே படம் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம் வீதம் 22 நிமிடம் வரிசையில் நிற்க நேரும், அதற்குள் அடிதடி தொடங்கிவிடும். எனவே இரண்டு படங்கள், இரண்டு வரிசைகள். மியூசிக்கல் சேர் வேண்டாம் என்று முடிவுசெய்தேன், ஏனெனில் முதலில் வெளியேறும் குழந்தை மீதி நேரமெல்லாம் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது. வென்றவர்க்கென்று தனிப்பரிசு கிடையாது. எல்லோர் மகுடத்திலும் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர்.

யார், எதற்கு

சமையலறை முழுவதும் செல்வி அண்ணியின் பொறுப்பு; அம்மாச்சி சாம்பாரும் சட்னியும், அப்பத்தா கேசரியும், லட்சுமி அக்கா பெரிய இட்லியும் போண்டாவும் பார்த்துக்கொள்வார்கள். அப்பத்தா நின்றுகொண்டே வேலை செய்யாதபடி ஒரு நாற்காலி அடுக்களையில் இருக்கட்டும். விளையாட்டை நடத்துவது பிரியா. அவளுக்கு வேறு எந்த வேலையும் தர வேண்டாம், போனைக்கூட என்னிடம் கொடுத்துவிடட்டும். புகைப்படம் மூத்த அண்ணன். சூரியன் ஆறரைக்குள் மறைந்துவிடுவதால் கேக் படங்களுக்கு மாலை வெளிச்சம் கிடைக்கும், அவர் நேரத்துக்கு வந்தால்.

அலங்காரமும் வாசலும் கார்த்திக். பலூன்களில் பம்பால் காற்றை மட்டுமே நிரப்ப வேண்டும். மேலே பறக்கும் வாயுப் பலூன் வாங்க வேண்டாம், அதில் எரியக்கூடிய ஹைட்ரஜன் இருக்கக்கூடும். நுரை தெளிக்கும் ஸ்ப்ரேயும் கூடாது. மெழுகுவர்த்திக்கு அருகில் அது தீப்பிடிக்கும். உடைந்த பலூன் துண்டுகளைச் சின்னக் குழந்தைகள் வாயில் போடும் முன் உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும். விழா முடிந்ததும் கார்த்திக் வாசலில் பெயர்ப் பட்டியலோடு நின்று, பெற்றோர் குறிப்பிட்டிருக்கும் ஆளிடம் மட்டுமே குழந்தையை ஒப்படைப்பார். தெரிந்த முகம்தானே என்று யாருடனும் அனுப்பிவிடக் கூடாது. நான் எந்த வேலையும் எடுத்துக்கொள்ளாமல் நிலானியோடும் வந்த பெற்றோரோடும் இருப்பேன். திடீரென்று கை குறையும் இடத்துக்கு வருவதற்கும் ஒருவர் வேண்டுமல்லவா.

நேர வரிசை

சனிக்கிழமை காலை 11:00 மணிக்கு அரிசி ஊறவைத்து மாலை 5:00 மணிக்கு அரைக்கிறோம். ஞாயிறு காலை பொங்கிய மாவு ஃபிரிட்ஜுக்குப் போகும். பிற்பகல் 1:00 மணிக்கு ஹால் சாவி கிடைக்கும். 3:00 மணிக்குள் அலங்காரம் முடிய வேண்டும். 2:30க்கு மாவை வெளியே எடுத்தால்தான் கேக்குக்கு இடம் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம். சரவணன் 2:45க்குப் போய்க் கேக்கை வாங்கி, காரின் தரையில் சமமாக வைத்து ஏசியோடு கொண்டுவருவார். மடியில் வைத்தால் முதல் வேகத்தடையிலேயே நிலானியின் பெயர் அழிந்துவிடும். 4:15க்கு எல்லோரும் தம் இடத்தில் இருக்க வேண்டும். 5:40க்கு அப்பத்தா குத்துவிளக்கு ஏற்றி நெற்றியில் திருநீறு இட்டபின் கேக். கேக் வெட்டும் நேரத்தில் முதல் போண்டா எண்ணெயில் விழ வேண்டும். 6:00 மணிக்கு முதலில் குழந்தைகளைப் பாயில் அமர்த்திப் பரிமாறுவோம். 6:50க்கு வண்ணப் பென்சிலும் வரைநோட்டும் அடங்கிய பரிசுப் பையை நிலானியே தன் கையால் தருவாள். 25 பைகள் இருக்கின்றன.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் விளக்குக்கும் மட்டுமே என்பதால் ஸ்பீக்கரை முந்தைய இரவே சார்ஜ் போட்டுவையுங்கள். திங்கள் காலை சங்கத்தின் கொடியேற்றம் இதே ஹால் வாசலில் நடப்பதால், தோரணங்களை அன்றிரவே அவிழ்த்து, தரையைத் துடைத்து, 8:30க்குள் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கார்த்திக்குடன் சரவணனும் நிற்பார்.