பார்க்க மட்டும்

கந்தையா அப்புவின் வாய்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் வதனிக்கும் உத்தியோகபூர்வமாக ஒரு தொடர்பும் இல்லை. அவள் அந்த வீட்டுப் படலையைத் திறந்தது பேத்தி பெற்ற பிள்ளையைப் பார்க்க. தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, குழந்தை பால் குடிக்கிறதா, தொப்புள் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக் கொப்பியில் எழுதினால் அன்றைய வேலை முடிந்தது. ஆனால் கரவெட்டியில் ஒரு வீட்டு முற்றத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினால், அந்த வீட்டு வருத்தம் எல்லாம் தேத்தண்ணீரோடு சேர்ந்து வெளியே வந்துவிடும்.

அன்று வந்தது ஆச்சியின் வாயிலிருந்து.

“இவருக்குப் பல்லுக் கொதி, பிள்ளை. கராம்பு வைத்தாயிற்று, உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று. ஆஸ்பத்திரி என்றால் மட்டும் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.”

அப்பு திண்ணையில் இருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தின்றார் என்று சொல்வதற்கில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணீரில் ஊறவைத்து, இடது கன்னத்துக்குள் தள்ளி, வலது தாடையை உள்ளங்கையால் தாங்கியபடி விழுங்கினார். வாய் பாதிதான் திறந்தது. சம்பல் தட்டு தொடப்படாமல் இருந்தது. ஒரு காலத்தில் செத்தல் மிளகாயைத் தனியாகக் கடித்தவர் என்று ஊரில் பெயர்.

பேரன் உள்ளேயிருந்து சத்தம் போட்டான். “வெற்றிலையை விடாவிட்டால் கேன்சர்தான் வரும் என்று நூறு தரம் சொல்லியாயிற்று, அக்கா!”

அப்பு துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். ஒருவரைப் பயமுறுத்தி வீட்டை விட்டு எழுப்பலாம். பல் வைத்தியரின் கதிரையில் இருத்த முடியாது. பேரனுக்கு இது இன்னும் விளங்கவில்லை.

வதனிக்குப் பயம் இல்லாமல் இல்லை. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான் என்று பயிற்சியில் படித்தவள். புகையிலை மட்டுமல்ல, பாக்கே தனியாகக் காரணமாகிறது என்பதும் தெரியும். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படரும் தோல், உறைப்புத் தாங்காத எரிவு, வாய் திறக்கக் கஷ்டம்: இதில் இரண்டையாவது அவள் திண்ணையிலேயே கண்டுவிட்டாள். ஆனால் அதை அன்று சொல்லவில்லை.

அடுத்த முறை குழந்தையைப் பார்க்க வந்தபோது கொடியில் காயும் குழந்தைத் துணிகளைத் தாண்டி நேரே கிணற்றடிக்குப் போனாள்.

“அப்பு, எந்தப் பக்கம் கொதி?”

“கொதி எல்லாம் இல்லைப் பிள்ளை. மேல் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்துபோய் நிற்கிறது. அதைப் பிடுங்கினால் கண் போய்விடும். எங்கள் அம்மா சொன்னவ.”

“பல்லுக்கு வேறு நரம்பு, கண்ணுக்கு வேறு நரம்பு. பிடுங்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லையே.”

“பிறகு எதற்கு அங்கே? காசு கேட்பான்.”

“மந்திகை ஆஸ்பத்திரியில் காசு இல்லை, அப்பு.”

அப்பு வாளியைக் கவிழ்த்து வைத்தார். கண்ணும் இல்லை, காசும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் காரணங்கள்; உள்ளே வேறொன்று இருக்கிறது. அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

“முன்னர் யாராவது போனவர்களோ?”

நெடுநேரம் கழித்து, “அண்ணர்,” என்றார் அப்பு.

சண்டைக் காலம். பாதை பூட்டியிருந்தது. அண்ணருக்கு நாக்கின் ஓரத்தில் புண். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி வைத்தியர் துண்டு எழுதிக் கொடுத்தார். பாஸுக்கு வரிசை, கப்பலுக்கு வரிசை. கப்பலேறித் திருகோணமலை போய், அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு. போனவர் உயிரோடு திரும்பவில்லை. உடலைக்கூட இங்கே கொண்டுவர முடியவில்லை. பொரளைக் கனத்தையில் எரித்ததாகத் தந்திதான் வந்தது.

“வாயைக் காட்டினார், போனார்,” என்றார் அப்பு. “காட்டாமல் இருந்திருந்தால் வீட்டிலாவது செத்திருப்பார்.”

இந்த இடத்தில் ஆறுதல் சொல்வது எளிது. ‘இப்போது காலம் மாறிவிட்டது’ என்று ஒரு வரி போதும். அப்பு வாளியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். வதனி கேள்விதான் கேட்டாள்.

“அண்ணருக்குப் புண் எப்போது தொடங்கியது?”

“ஆவணி. நல்லூர்த் திருவிழா நேரம்.”

“கப்பல் ஏறியது?”

“பங்குனி...” அப்புவின் விரல்கள் துவாயின் ஓரத்தில் மாதங்களை எண்ணின. எண்ணி முடித்ததும் அவர் அவளைப் பார்க்கவில்லை. “அதற்குள் கழுத்தில் கட்டி வந்துவிட்டது.”

அவள் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “உங்களுக்கு எப்போது?” என்று கேட்டாள்.

“சரியாகத் தெரியாது. வெங்காயம் கிண்டின நேரம்.”

“அப்படி ஏதும் இருந்தாலும் இப்போது மகரகமைக்கு ஓடத் தேவையில்லை, அப்பு. தெல்லிப்பழையிலேயே பார்க்கிறார்கள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். உடைந்த பல் கன்னத்தை உரசினாலும் புண் வரும். எனக்குத் தெரியாது; நான் பல் வைத்தியர் இல்லை. வாயைத் திறந்து அவருக்குக் காட்டுங்கள். பார்க்க மட்டும். பிடுங்கப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லி எழும்பி வாருங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.”

“எழும்பி வரலாமோ?”

“உங்கள் வாய்தானே.”

இதற்குப் பிறகும் அப்பு ஓம் என்று சொல்லவில்லை. வியாழன் சந்தை, வெள்ளி கோயில் என்றார். சனி, ஞாயிறு அவளே வேண்டாம் என்றாள். திங்கட்கிழமை மிஞ்சியது. வெறும் வயிற்றோடு வரவேண்டாம், பிரஷர் குளிசையைப் போட்டுக்கொண்டு வாருங்கள், கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம், அதில் எழுதியிருக்கும் அஸ்பிரினைப் பற்றி வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்றாள். பேரனைக் கூட்டி வரவேண்டாம் என்பதை மட்டும் அப்பு தானாகவே முடிவு செய்தார். ஆச்சி போனார்.

அப்பு குளித்து, திருநீறு பூசி, வாயை நாலு தரம் கொப்பளித்திருந்தார். மணக்கும் என்ற வெட்கம். இத்தனை நாள் அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பல் வைத்தியர் பேத்தி வயதுப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தார், மூன்று நுழைய வேண்டிய இடத்தில் இரண்டு. கன்னத்தின் உட்புறத்தை வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிடுங்கவில்லை. உடைந்த பல்லின் கூர் முனையை மட்டும் தேய்த்து மழுக்கினார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் நிறுத்தச் சொன்னார். இரண்டு கிழமையில் திரும்ப வரவேண்டும். புண் ஆறாவிட்டால் சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

“அந்தத் துண்டு எடுக்கிறது நோகுமோ?” என்று அப்பு கேட்டாராம்.

“விறைக்க ஊசி போட்டுவிட்டுத்தான் எடுப்போம், ஐயா.”

இதை எல்லாம் வதனிக்கு ஆச்சிதான் சொன்னார். வெற்றிலைக் கொட்டப்பெட்டியைத் தான் ஒளித்து வைத்ததையும், மூன்றாம் நாள் அப்பு அதைக் கண்டுபிடித்ததையும் சேர்த்துச் சொன்னார். இப்போது ஒரு நாளைக்கு ஒரு வாய், அதுவும் புகையிலை இல்லாமல் என்று வழக்கு நடக்கிறது.

“பாக்கும் கூடாது, ஆச்சி.”

“அதை நீயே சொல்லு. நான் சொன்னால் சண்டை.”

அப்பு வேலிக் கதியாலைக் கட்டிக்கொண்டிருந்தார். வதனி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“வாற திங்கள் அல்லவோ மறுபடி? அந்தப் பிள்ளை லீவில் நிற்காதே? வேறு ஆளிடம் நான் காட்ட மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.”

“விசாரித்துச் சொல்கிறேன், அப்பு. பாக்கு...”

“தெரியும், தெரியும். நீ முதலில் விசாரி.”